ஒரே தாமதம், மூன்று கடிதங்கள்: பனியன் ஏற்றுமதி மெர்ச்சண்டைசர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை என்பது முதலாளிக்கும் பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நிற்கும் வேலை. ஒரே செய்தியை மூன்று பக்கமும் சொல்ல வேண்டியவர் அவர். புதிதாக இந்த நாற்காலிக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே ஆர்டரை எடுத்துக்கொள்கிறேன். ஆர்டர் கற்பனை, சிக்கல் இந்த ஊரில் எவரும் பார்த்திருக்கக்கூடியது. ஆண்கள் டி-ஷர்ட், 180 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சி, மூன்று நிறங்கள், நிறத்துக்கு 8,000 பீஸ், மொத்தம் 24,000. தூத்துக்குடி வழியாகக் கப்பலில் போக வேண்டும். சரக்கு தொழிற்சாலையை விட்டுக் கிளம்ப வேண்டிய தேதி ஜூன் 14. மே 28 அன்று நேவி நிறத் துணியின் துவைப்புச் சோதனை முடிவு வருகிறது. சுருக்கம் வரம்பைத் தாண்டிவிட்டது.

முதலாளிக்கு ஒன்று, பையருக்கு ஒன்று, கட்டிங் பிரிவுக்கு ஒன்று என்று எழுதினால் அது இரட்டை நாக்குத்தனம் ஆகாதா?

ஒரே கடிதத்தை மூவருக்கும் அனுப்பிப் பாருங்கள். கட்டிங் மாஸ்டருக்கு விமானக் கூலியின் கணக்கு எதற்கு? எந்த லாட்டைத் தொடக்கூடாது என்ற ஒரு வரிதான் அவருக்கு வேண்டும், அது ஏழாவது பத்தியில் இருக்கும். அவர் அதைப் படிப்பதற்குள் இன்னும் 500 பீஸ் வெட்டப்பட்டிருக்கும். முதலாளி லாட் எண்களைக் கடந்து போய், "பணம் எவ்வளவு?" என்று திரும்பக் கேட்பார். பையரோ எல்லாவற்றையும் படித்துவிட்டு, கடைசியில் தனக்கு வேண்டிய தேதி கிடைக்காமல் கோபப்படுவார்.

ஒவ்வொருவரும் எடுக்க வேண்டிய முடிவு வேறு. அதனால் எதை முன்னால் வைப்பது, எவ்வளவு விரிவாகச் சொல்வது, எந்த அலகில் சொல்வது என்பதெல்லாம் மாறலாம். எத்தனை பீஸ், எந்தத் தேதி, என்ன நடந்தது, அது எவ்வளவு உறுதி என்ற நான்கும் மாறக்கூடாது. நான்காவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். "போய்விடும்", "போக வாய்ப்பிருக்கிறது" என்ற இரண்டும் வேறு வேறு தகவல்கள். ஒருவரிடம் ஒன்றும் இன்னொருவரிடம் மற்றொன்றும் சொன்னால், தேதி ஒன்றாகவே இருந்தாலும் உண்மை மாறிவிட்டது.

கடிதம் எழுத உட்கார்வதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

யாருக்கும் அனுப்பாத ஒரு தாளை எழுதுங்கள். அதில் அலங்காரமும் சமாதானமும் வேண்டாம். நேரத்தையும் மேலே குறித்துக்கொள்ளுங்கள். நம் ஆர்டருக்கு அந்தத் தாள் இப்படி இருக்கும்:

"மே 28, மாலை 4 மணி. நேவி துணி நான்கு லாட், லாட்டுக்கு 460 கிலோ. பையர் குறிப்பிட்ட துவைப்பு முறையில் 1, 2 ஆம் லாட்டுகளின் நீளவாட்டுச் சுருக்கம் 4 சதவீதம். 3, 4 ஆம் லாட்டுகளில் 8 சதவீதம். வரம்பு 5. இந்த இரண்டு லாட்டும் 173 ஜி.எஸ்.எம். இருந்தன, எடை வரம்புக்குள் வந்ததால் துணி வந்த அன்று தேறிவிட்டன. 3 ஆம் லாட்டில் 1,200 பீஸ், துவைப்பு முடிவு வரும் முன்பே வெட்டப்பட்டுவிட்டது. வெட்டாமல் இருப்பது சுமார் 645 கிலோ. மற்ற இரண்டு நிறங்களும் சோதனையில் தேறியவை. காரணம்: காம்பாக்டிங்கில் துணியைப் போதுமான அளவு உள்ளே தள்ளவில்லை என்று சந்தேகம், உறுதியாகவில்லை."

இதைப் படித்தாலே சிக்கலின் உருவம் தெரிந்துவிடும். பின்னல் துணி சாயப்பட்டறையில் இழுபட்டு நீள்கிறது. காம்பாக்டிங் இயந்திரம் அதை நீளவாட்டில் நெருக்கி உள்ளே தள்ளுகிறது. அந்த நெருக்கம் போதவில்லையென்றால் துணி நீளமாகவும் லேசாகவும் நின்று, வாங்கியவர் வீட்டில் முதல் துவைப்பிலேயே மீதியைச் சுருங்கிக்கொள்ளும். 180க்குப் பதில் 173 வந்ததே அதற்கு அடையாளம்தான். ஆனால் எடைக்கு 5 சதவீத விலக்கு உண்டு, 171 வரை தேறும் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

வெட்டாத துணியைத் திரும்பக் காம்பாக்டிங் செய்ய முடியும். வெட்டிய பாகங்களை முடியாது. ஆகவே 2,800 பீஸுக்கான துணி மீளலாம். 1,200 பீஸுக்குப் புதுத்துணி சாயம் போட வேண்டும். பீஸுக்கு 230 கிராம் என்று வைத்தால் சுமார் 280 கிலோ.

இப்போது தாளின் அடியில் மூன்று வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உறுதியாக ஜூன் 14க்குப் போவது 20,000. ஜூன் 1 மறுசோதனை தேறினால் 22,800. எப்படிப் பார்த்தாலும் அன்று போகாதவை 1,200. அவை ஜூன் 21க்குத் தயாராகும். இந்த மூன்று எண்களும்தான் மூன்று கடிதங்களிலும் வர வேண்டியவை.

யாருக்கு முதலில் சொல்வது?

கட்டிங் பிரிவுக்கு. கடிதம் எழுதி அல்ல, நேரில் போய். கத்தி ஓடிக்கொண்டிருக்கும்போது மின்னஞ்சலை அழகுபடுத்திக்கொண்டிருக்கக் கூடாது. 3, 4 ஆம் லாட் ரோல்களைத் தனியே எடுத்து அட்டை கட்டிவிட்டு வந்து முதலாளிக்குச் சொல்லுங்கள். பையருக்கு அன்று மாலையோ மறுநாள் காலையோ போய்ச் சேர வேண்டும். பையர் கப்பல் ஏஜெண்டிடம் இடம் பதிவு செய்திருப்பார். அதை மாற்ற அவருக்கு அவகாசம் வேண்டும். எல்லாவற்றுக்கும் தீர்வு கண்டுபிடித்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் அந்த அவகாசத்தை நாமே தின்றுவிடுகிறோம்.

முதலாளிக்கு எப்படி எழுதுவது? அவர் முழுதாகப் படிப்பதே இல்லை.

படிக்காதவர் என்று தெரிந்தால், அவர் எடுக்க வேண்டிய முடிவை முதல் வரியில் வையுங்கள்.

"ஐயா, இரண்டு விஷயங்களுக்கு இன்றே உங்கள் ஒப்புதல் வேண்டும்: 280 கிலோ நேவி துணி புதிதாகச் சாயம் போட, பையர் கேட்டால் 1,200 பீஸை நம் செலவில் விமானத்தில் அனுப்ப. முதல் செலவு சுமார் 1.35 லட்சம், இரண்டாவது சுமார் 70,000. ஜூன் 14க்கு 20,000 பீஸ் உறுதி. ஜூன் 1 மறுசோதனை தேறினால் 22,800 போகும். 1,200 பீஸ் 21ஆம் தேதிக்குத்தான். நேவியில் இரண்டு லாட் சுருக்கம் 8 சதவீதம் வந்திருக்கிறது. முடிவு வரும் முன்பே 1,200 பீஸ் வெட்டிவிட்டோம். காம்பாக்டிங் செய்தவருக்கு டெபிட் நோட் போடுவது பற்றி, காரணம் உறுதியான பிறகு தனியாகப் பேசலாம்."

துணி கிலோவுக்கு 480 ரூபாய், விமானக் கூலி கிலோவுக்கு 300 ரூபாய், அட்டைப்பெட்டியோடு சேர்த்து எடை 230 கிலோ என்று வைத்துப் போட்ட கணக்கு இது. உங்கள் விலைகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் 173 ஜி.எஸ்.எம். வரவில்லை, துவைப்பு முறை வரவில்லை, லாட் எண்களும் வரவில்லை. அவருக்கு அவை இன்று தேவைப்படாது; கேட்டால் தாள் கையில் இருக்கிறது. ஆனால் "முடிவு வரும் முன்பே வெட்டிவிட்டோம்" என்பது வந்திருக்கிறது. லைன் சும்மா நிற்கக்கூடாது என்று சோதனைக்குக் காத்திராமல் வெட்டச் சொல்வது பல தொழிற்சாலைகளில் நடப்பதுதான். அந்த அவசரத்தின் விலை 1,200 பீஸ் என்று தெரிந்தால்தான் அடுத்த முறை அதை அனுமதிப்பதா என்று அவர் யோசிக்க முடியும். முதலாளியே அப்படி உத்தரவிட்டிருந்தாலும் இந்த வரி இருக்க வேண்டும். குத்தலாக எழுத வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

வெட்டிய பாகங்களைத் தைத்துக் காதர்பேட்டையில் தள்ளிவிடலாமா என்று அவர் கேட்பார். பையரின் லேபிள் இல்லாமல், ஒப்பந்தம் அனுமதித்தால் மட்டும். அங்கே கிடைக்கும் விலையை நஷ்டக் கணக்கில் இப்போதே கழித்துக் காட்டாதீர்கள். கைக்கு வராத பணம் அது.

பையருக்கு எழுதும்போது எதை முன்னால் வைப்பது?

அவருக்கு எத்தனை பீஸ், எப்போது, எந்த நிறம், எந்த அளவு. பிறகு அவர் தேர்ந்தெடுக்க வேண்டிய வழிகள். அதன் பிறகே காரணம். அசலில் இது ஆங்கிலத்தில் போகும். உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

"நேவி நிறத்தில் 1,200 பீஸ் ஜூன் 14 அன்று அனுப்ப முடியாது. அவை ஜூன் 21க்குத் தயாராகும். மற்ற இரண்டு நிறங்களின் 16,000 பீஸும் நேவியில் 4,000 பீஸும், ஆக 20,000 பீஸ், 14ஆம் தேதிக்கு உறுதி. நேவியில் இன்னொரு 2,800 பீஸ், ஜூன் 1 அன்று வரும் மறுசோதனை முடிவைப் பொறுத்தது; தேறினால் மொத்தம் 22,800 போகும். அன்று மாலையே தெரிவிக்கிறோம். முதல் சரக்கில் நேவி எல்லா அளவுகளிலும் ஆர்டர் விகிதப்படியே இருக்கும். 1,200 பீஸுக்கு இரண்டு வழிகள்: அடுத்த கப்பல், அல்லது எங்கள் செலவில் விமானம். எது வேண்டும் என்பதை ஜூன் 3க்குள் சொல்லுங்கள். காரணம்: நேவியின் நான்கு லாட்டுகளில் இரண்டில் நீளவாட்டுச் சுருக்கம் 8 சதவீதம். அவற்றில் ஒன்றில் 1,200 பீஸ், சோதனை முடிவுக்கு முன்பே வெட்டப்பட்டது, அதைப் பயன்படுத்தமாட்டோம். மற்ற நிறங்கள் சோதனையில் தேறியவை, அறிக்கைகளை இணைத்திருக்கிறோம்."

அளவு விகிதம் பற்றிய வரியைக் கவனியுங்கள். வெட்டிப்போனவை எல்லாம் எம், எல் அளவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதித் துணியைப் பழைய திட்டப்படியே வெட்டினால் முதல் சரக்கில் அந்த அளவுகள் மட்டும் குறையும், கடையில் அதிகம் விற்பவையும் அவையே. ஆகவே வெட்டும் திட்டத்தை மாற்றி, இருக்கும் துணியை விகிதப்படி பகிர வேண்டும். பையருக்கு இது ஒரு வரி. கட்டிங் மாஸ்டருக்கோ அரை நாள் வேலை. முதலாளிக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. விவரம் மாறுவது என்றால் இதுதான்.

கப்பலில் ஐரோப்பா போய்ச் சேர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். ஜூன் 21 அன்று விமானத்தில் ஏறும் சரக்கு, 14 அன்று கிளம்பியதை முந்திவிடும். இதைப் பையருக்குத் தனி வரியாக எழுதலாம். நல்ல செய்தியை ஒளித்துவைப்பதும் ஒரு குறைதான்.

முன்பே வெட்டியதைப் பையருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டுமா? "துணிச் சிக்கல்" என்று மட்டும் எழுதினால் பொய் இல்லையே.

இந்தப் பக்கத்திலேயே கடினமான கேள்வி இது.

எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. டெபிட் நோட் பற்றிப் பையருக்குச் சொல்லவில்லை. அது நமக்கும் ஜாப் ஒர்க் செய்பவருக்கும் உள்ள கணக்கு. நமக்கு எவ்வளவு நஷ்டம் என்றும் சொல்லவில்லை. இவை இல்லாததால் பையர் எடுக்கும் முடிவு எதுவும் மாறாது.

முன்பே வெட்டியது அப்படி இல்லை. சாயப்பட்டறையில் இரண்டு லாட் கெட்டுப்போனது என்று மட்டும் படிக்கும் பையர், தொழிற்சாலையின் சோதனை முறை ஒழுங்காக வேலை செய்து கோளாறைப் பிடித்துவிட்டது என்று நினைப்பார். நடந்தது வேறு: சோதனை பிடித்தது, ஆனால் கத்தி அதற்கு முன்பே ஓடிவிட்டது. அது தெரிந்தால் அவர் உடனே ஒன்றைக் கேட்பார்: "மற்ற நிறங்களும் முடிவுக்கு முன்பே வெட்டப்பட்டனவா?" அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பை அவரிடமிருந்து எடுத்துவிடும் மௌனம், உண்மையை மாற்றிய மௌனம்தான். ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தாலும் படித்தவர் மனத்தில் தவறான படம் நிற்கிறது.

எதை விடலாம் என்று சந்தேகம் வந்தால் இப்படிப் பாருங்கள். விட்டுவிட்ட தகவல் பத்து நாள் கழித்து அவருக்கு வேறு வழியில் தெரிகிறது. "இது தெரிந்திருந்தால் நான் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேனே" என்பாரா? என்பார் என்றால் சேருங்கள். "சரி, உங்கள் உள்விவகாரம்" என்பார் என்றால் விடலாம்.

நடைமுறையிலும் ஒரு காரணம் உண்டு. பையர் அடுத்ததாக, இது திரும்ப நடக்காமல் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்பார். துவைப்பு முடிவில் கையெழுத்து இல்லாமல் ரோல் கட்டிங் மேசைக்குப் போகாது என்பதுதான் சரியான பதில். முன்பே வெட்டியதை மறைத்தவரால் அந்தப் பதிலை எழுத முடியாது. சம்பந்தமில்லாத வேறொரு திருத்தத்தைச் சொல்ல நேரும், அது ஒரு பலனும் தராது.

காம்பாக்டிங்காரர் தவறு என்று எழுதலாமா?

மே 28 அன்று அது வெறும் சந்தேகம். சாயப்பட்டறையில் உலர்த்தும்போதே அதிகமாக இழுபட்டிருக்கலாம். தெரிந்ததைத் தெரிந்தது என்றும், சந்தேகத்தைச் சந்தேகம் என்றும் மூன்று கடிதங்களிலும் ஒரே அழுத்தத்தில் எழுதுங்கள். முதலாளியிடம் "அவர்கள்தான் கெடுத்தார்கள்" என்று உறுதியாகவும், பையரிடம் "ஆராய்ந்துவருகிறோம்" என்று பணிவாகவும் எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இரண்டில் ஒன்று பொய்.

மொத்த ஆர்டரில் 5 சதவீதம்தான் தாமதம் என்று எழுதினால் பையர் பதற்றப்படமாட்டார். கணக்கும் சரிதானே?

24,000ல் 1,200 என்பது 5 சதவீதம், கணக்கில் தவறில்லை. ஆனால் நேவியில் அது 15 சதவீதம். மற்ற நிறங்களில் தாமதம் ஒன்றுகூட இல்லை. கடைக்காரர் நிறவாரியாகத்தான் அடுக்குகிறார்; நேவி குறைவதை வெள்ளை ஈடுகட்டாது. அவர் முடிவெடுக்கும் அலகு நிறம் என்னும்போது, சதவீதத்தையும் நிறத்துக்குத்தான் சொல்ல வேண்டும்.

முதலாளிக்கு மொத்த ஆர்டரின் 5 சதவீதம் என்று சொல்வதில் தவறில்லை. அவர் பார்ப்பது முழு ஆர்டரின் வரவு செலவு. எல்லா இடத்திலும் 1,200 என்ற எண்ணைக் கூடவே வையுங்கள். சதவீதம் தனியாக நின்றால் எதன் மேல் போட்டது என்பது மறைந்துவிடுகிறது. எண் கூட இருந்தால் படிப்பவரே கணக்குப் பார்த்துக்கொள்வார். "சிறிய தாமதம்", "தொழில்நுட்பக் காரணங்கள்", "ஒரு சில பீஸ்கள்" போன்ற சொற்களுக்கும் இதே மருந்து. அந்த இடத்தில் எண்ணைப் போட்டதும் அந்தச் சொல் தேவையற்றுப்போகும்.

தொழிற்சாலைக்குள் சொல்வதற்குக் கடிதம் எதற்கு? வாயால் சொன்னால் போதாதா?

வாயால் சொல்லுங்கள், கூடவே பலகையிலும் எழுதுங்கள். இங்கே விவரம்தான் எல்லாம். பணமும் பையரின் மனநிலையும் தேவையில்லை.

"மாஸ்டர், நேவி 3, 4 ஆம் லாட்டுகளை வெட்ட வேண்டாம். அட்டை கட்டிய ரோல்கள் இன்று இரவே காம்பாக்டிங் போகின்றன. 31ஆம் தேதி திரும்பி வரும், 1ஆம் தேதி துவைப்பு முடிவு. தேறினால், விரித்துப்போட்டு ஒரு நாள் ஆறவிட்டு 2ஆம் தேதி வெட்டலாம். வெட்டிய 1,200 பீஸ் பண்டில்களை லைனுக்கு அனுப்பாதீர்கள். எண்ணித் தனியாகப் பூட்டிவையுங்கள். 1, 2 ஆம் லாட்டுகளை வெட்டலாம், ஆனால் புது விகிதத் தாள்படி. ஜூன் 14க்கு 22,800 பீஸ் நம் குறி. மறுசோதனை தேறாவிட்டால் 20,000. மீதி 1,200 புதுத்துணியில், 21ஆம் தேதிக்கு."

இதில் பலர் செய்யும் தவறு, "ஏன்" என்பதை வெட்டிவிடுவது. ரோலைத் தொடாதே என்று மட்டும் சொன்னால், இரவு ஷிப்டில் லைன் காலியாக நிற்கும்போது யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தில் அட்டையைக் கழற்றிவிடுவார். துவைத்தால் 8 சதவீதம் சுருங்குகிறது, 70 சென்டிமீட்டர் நீள பனியன் ஐந்தரை சென்டிமீட்டர் குறைந்துபோகிறது என்று சொல்லிவிட்டால் யாரும் அதைத் தொடமாட்டார்கள். முதலாளிக்கும் பையருக்கும் சதவீதம் புரியும். மேசையில் நிற்பவருக்குச் சென்டிமீட்டர்தான் சட்டென்று கண்ணில் தெரியும். இரண்டும் ஒரே உண்மைதான்.

முன்பே வெட்டியதை இங்கும் சொல்லுங்கள், ஆள் பெயர் சொல்லாமல். யார் வெட்டினார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். யார் வெட்டச் சொன்னார்கள் என்பதும் தெரியும்.

தையல் பிரிவுக்கு இரண்டு நாள் முன்னதாகத் தேதி சொல்வதும், பையருக்கு இரண்டு நாள் தள்ளிச் சொல்வதும் எங்கள் வழக்கம். அதுவும் தவறா?

வழக்கம்தான். அதன் விளைவும் எல்லாருக்கும் தெரியும். 12ஆம் தேதி என்று சொன்னால் லைன் சூப்பர்வைசர் தானாகவே 14 என்று படித்துக்கொள்கிறார். அடுத்த ஆர்டரில் நீங்கள் 10 என்பீர்கள், அவர் 14 என்றே படிப்பார். உண்மையாகவே 12 வேண்டிய நாள் வரும்போது உங்கள் சொல்லுக்கு விலை இருக்காது.

இரண்டு தேதிகளையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: "சரக்கு கிளம்பும் நாள் 14. தையல் 12ஆம் தேதி முடிய வேண்டும், ஏனென்றால் அதன் பிறகு அயர்ன், பரிசோதனை, பேக்கிங் இருக்கின்றன." இடைவெளி அதேதான், ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது, அதை யாரும் ஒளித்துவைக்கவில்லை. பையரிடமும் அப்படியே. 21ஆம் தேதிக்குத் தயாராகும் என்று கணக்கு சொல்கிறது, புதுச் சாயத்தின் நிறம் ஒத்துவராவிட்டால் தள்ளும் என்ற பயமும் இருக்கிறது என்றால், 25 என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். "21, முதல் முறையில் நிறம் ஒத்துவராவிட்டால் 25" என்று எழுதுங்கள். ஆனால் அப்படி எழுதினால், தாளிலும் முதலாளி கடிதத்திலும் பலகையிலும் 25 இருக்க வேண்டும்.

"பையருக்கு இப்போது சொல்லாதே, மறுசோதனை முடியட்டும்" என்று முதலாளி சொல்கிறார். நான் என்ன செய்வது?

அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 2,800 பீஸைப் பற்றி ஜூன் 1 வரை நமக்கே தெரியாது. ஆனால் 1,200 பீஸ் பற்றி இன்றே தெரியும்; மறுசோதனையால் அது மாறப்போவதில்லை. இந்த இரண்டையும் பிரித்து அவர் முன்னால் வையுங்கள். "1,200 பற்றி இன்று சொல்கிறேன், 2,800 பற்றி 1ஆம் தேதி சொல்வதாக அதே கடிதத்தில் எழுதுகிறேன்" என்றால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். அவர்கள் பயப்படுவது, முழு நேவியும் போச்சு என்று பையர் எடுத்துக்கொள்வாரோ என்றுதான்.

அப்படியும் மறுத்தால், கடிதத்தை ஒரு நாள் தள்ளிப்போடுவது அவர் அதிகாரத்துக்குட்பட்டது. அதற்கு மேல் ஒரு கோடு இருக்கிறது. வாரந்தோறும் பையருக்குப் போகும் நிலை அறிக்கையில் நேவிக்கு எதிரே "கட்டிங் நடைபெறுகிறது" என்று நிரப்பாதீர்கள். 1, 2 ஆம் லாட்டுகள் வெட்டப்படுவதால் சொல்லளவில் அது மெய், படிப்பவருக்குப் பொய். "துவைப்புச் சோதனை முடிவுகள் ஆய்வில், விவரம் தனியே" என்று போடுங்கள். முதலாளிக்கு அது பிடிக்காமல் போகலாம், ஆனால் உங்கள் பெயரில் போகும் அறிக்கை அது.

பையிங் ஹவுஸ் க்யூ.சி. எங்கள் தொழிற்சாலையிலேயே உட்கார்ந்திருக்கிறார். பலகையில் எழுதுவதை அவரும் பார்ப்பாரே?

பார்க்கட்டும். பலகையில் 22,800, அல்லது 20,000 என்று இருக்கிறது. பையர் கடிதத்திலும் அதுதான் இருக்கிறது. அவர் படம் எடுத்து அனுப்பினாலும் ஒன்றும் ஆகாது. அவர் கண்ணில் படக்கூடாது என்று பலகையை அழிக்கத் தோன்றினால், கடிதத்தில்தான் ஏதோ இடிக்கிறது.

அனுப்புவதற்கு முன் இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். மூன்று செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்களையும் தேதிகளையும் "உறுதி", "தேறினால்" போன்ற சொற்களையும் மட்டும் பேனாவால் வட்டமிடுங்கள். ஒன்றில் வட்டமிட்டது இன்னொன்றில் இல்லாமல் இருக்கலாம். வேறாக இருந்தால் நிறுத்துங்கள். வேறொருவரைச் செய்யச் சொன்னால் இன்னும் நல்லது. எழுதியவர் கண்ணுக்குத் தன் சமாதானங்கள் தெரியாது.

ஜூன் 1 அன்று மறுசோதனையில் ஒரு லாட் தேறி, ஒரு லாட் தேறாவிட்டால்?

முதலில் தாளைத் திருத்துங்கள், பிறகு கடிதங்களை. நேரே கடிதத்தைத் திருத்த உட்கார்ந்தால் ஒன்றில் மாற்றிவிட்டு இன்னொன்றில் மறப்பது நிச்சயம்.

3 ஆம் லாட்டில் மீதியிருந்த 800 பீஸுக்கான துணி 4.5 சதவீதத்துக்கு வந்துவிட்டது, 4 ஆம் லாட் 6 சதவீதத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 14க்கு இப்போது உறுதி 20,800. நான்காம் லாட்டின் 2,000 பீஸ் இன்னொரு முறை காம்பாக்டிங் போக வேண்டும். துணி அதைத் தாங்குமா, நிறமும் தொடுவுணர்வும் மாறாமல் இருக்குமா என்று முதலில் ஒரு ரோலில் பார்க்க வேண்டும். அது 14க்குள் முடியாது என்று வைப்பதே நேர்மை.

இந்த முறை பையருக்கு எழுதும் கடிதத்தில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே வரியில் எழுதுங்கள்: "மே 28 கடிதத்தில் மறுசோதனை தேறினால் 22,800 என்று சொல்லியிருந்தோம், இப்போது 20,800." புதிய எண்ணை மட்டும் எழுதினால், பழைய கடிதத்தைத் தேடி ஒப்பிடும் வேலை அவர் தலையில் விழுகிறது. 6 சதவீதத்தை ஏற்றுக்கொள்கிறாரா என்று கேட்கலாம். சில பையர்கள் விலையில் கழிவு கேட்டுவிட்டு ஏற்பார்கள். அது அவர் முடிவு. நாம் 6ஐ 5.5 என்று சுருக்கி எழுதிக் கேட்கக்கூடாது, ஏனென்றால் சரக்கு போய்ச் சேர்ந்ததும் அவர் தன் ஆய்வகத்தில் துவைத்துப் பார்ப்பார்.

முதலாளிக்கு, 2,000 பீஸுக்குப் புதுத்துணி தேவைப்பட்டால் இன்னொரு 460 கிலோ, சுமார் 2.2 லட்சம் என்பது முதல் வரி. கட்டிங் பலகையில் 22,800ஐ அடித்துவிட்டு 20,800 என்று எழுதுங்கள். பழைய எண் கோட்டுக்கு அடியில் தெரியட்டும், துடைக்க வேண்டாம்.